திருநகர் வீடு: வேலை உறுதியும் உங்களை அறிந்த இருவரும்

வணக்கம்.

கிளிநொச்சி திருநகரில் உள்ள எங்கள் வீட்டை வந்து பார்த்ததற்கு நன்றி. கேட்டு அழைத்தவர்கள் பதினான்கு பேர், நேரில் வந்து பார்த்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் இதே செய்தியைத் தனித்தனியாக அனுப்புகிறேன். குழுவாகச் சேர்த்து அனுப்பினால் ஒருவருடைய இலக்கம் மற்றவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அப்படிச் செய்யவில்லை.

நீங்கள் பார்த்த அதே வீடுதான்: இரண்டு அறை, விறாந்தை, குசினி, கட்டுக்கிணறு, மாமரம் நிற்கிற வளவு. வாடகை மாதம் 25,000 ரூபாய். கரண்ட் பில் வேறாக. முற்பணம் மூன்று மாத வாடகை, அதாவது 75,000 ரூபாய். முற்பணத்தை உடன்படிக்கை எழுதுகிற அன்றுதான் வாங்குவேன், பற்றுச்சீட்டும் தருவேன். அதற்கு முன் என் பெயரைச் சொல்லி யார் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இந்த வீட்டுக்குத் தரகர் எவரும் இல்லை.

இந்த வாடகையில் 18,000 ரூபாய் நேரே வங்கிக் கடன் தவணைக்குப் போகிறது. முன்பு இருந்த ஒருவர் நான்கு மாத வாடகையும் கரண்ட் பில்லும் கட்டாமல் போனார். அந்த நான்கு மாதமும் என் ஓய்வூதியத்தில் இருந்துதான் தவணை கட்டினேன். ஆகவே வாடகை மாதாமாதம் வருமா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியிருக்கிறது. அதற்காக இரண்டு விடயங்கள் கேட்கிறேன்.

முதலாவது, வேலை அல்லது வருமானத்துக்கு ஓர் ஆதாரம். ஒன்று போதும். சம்பளம் எடுப்பவர் என்றால் கடைசி மாதச் சம்பளச் சிட்டை, அல்லது வேலைத்தலத்தில் இருந்து ஒரு சேவைக் கடிதம். இடமாற்றம் பெற்று வருகிற அரச உத்தியோகத்தருக்கு இடமாற்றக் கடிதமே காணும். சம்பளச் சிட்டையில் உங்கள் பெயர், வேலைத்தலம், மாதம், கழிவெல்லாம் போகக் கைக்கு வருகிற தொகை ஆகிய நான்கும் தெரிந்தால் சரி. வங்கிக் கணக்கு இலக்கம், சேமலாப நிதி இலக்கம், எந்தக் கடனுக்கு எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதையெல்லாம் பேனையால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். கைக்கு வருவது தெரிந்தால், கடன் எங்கே எடுத்தது என்பது எனக்கு எதற்கு? உங்கள் அலுவலகத்துக்கு நான் அழைக்க மாட்டேன். வீடு தேடுகிற செய்தி மேலதிகாரி காதுக்குப் போவதை எல்லோரும் விரும்புவதில்லை.

சம்பளச் சிட்டை இல்லாதவர்கள் பின்வாங்க வேண்டாம். வன்னியில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கடதாசியே கிடையாது. வயல் செய்பவர் கமக்காரர் அமைப்பில் இருந்தோ, கடற்றொழில் செய்பவர் தங்கள் சங்கத்தில் இருந்தோ ஒரு கடிதம் எடுக்கலாம். கடை வைத்திருப்பவருக்கு வியாபாரப் பதிவுப் பிரதி. மேசன், தச்சு, தையல் வேலை செய்பவர் தொடர்ந்து வேலை கொடுக்கிற ஒருவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி வரலாம். வெளிநாட்டில் இருந்து குடும்பத்தவர் காசு அனுப்பினால், அனுப்புபவரின் பெயரை மறைத்துவிட்டுத் தொகையையும் திகதியையும் மட்டும் காட்டுங்கள். இரணைமடுத் தண்ணீரை நம்பி விதைப்பவருக்கு மாதாமாதம் காசு புரளாது என்பது எனக்குத் தெரியும். காலபோக வெட்டு முடிந்ததும் சில மாத வாடகையைச் சேர்த்துத் தர விரும்பினால் அதையும் இருந்து கதைத்து உடன்படிக்கையில் எழுதலாம்.

இரண்டாவது, உங்களை அறிந்த இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். சொந்தக்காரர் வேண்டாம். ஒருவர் முன்பு நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரராக இருந்தால் நல்லது. வாடகைக்கே இருந்ததில்லை என்றால் அதிபர், பாதர், ஐயர், மௌலவி, கிராம அலுவலர், கூட வேலை செய்பவர் என யாராக இருந்தாலும் சரி. தயவு செய்து முதலில் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இலக்கத்தைத் தாருங்கள். எந்த நேரத்தில் எடுத்தால் அவர்களுக்கு வசதி என்பதையும் எழுதுங்கள். அவர்களிடம் நான் கேட்பது மூன்றே கேள்வி: வாடகை அல்லது கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக இருந்ததா, வீட்டையும் பொருளையும் கவனமாகப் பார்த்தார்களா, உங்களுக்கு வீடு இருந்தால் இவர்களுக்குக் கொடுப்பீர்களா. அதற்கு மேல் அவர்களாகக் குடும்பக் கதை தொடங்கினாலும் நிறுத்திவிடுவேன். பழைய வீட்டுக்காரரோடு மனக்கசப்பு ஏதும் இருந்தால் நீங்களே இரண்டு வரியில் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஒரு வாய்ப் பேச்சை வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன்.

அடையாள அட்டைப் பிரதி இப்போது வேண்டாம். அந்த இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். வீடு யாருக்கு என்று முடிவான பிறகு, உடன்படிக்கை எழுதும்போது மூல அட்டையைக் காட்டினால் இலக்கத்தைப் பதிந்துகொள்வோம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், 2010இல் வவுனியாவில் வாடகை வீடு தேடியபோது கேட்ட இடமெல்லாம் எங்கள் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தோம். சில மாதம் கழித்துப் பருப்பு கட்டி வந்த கடதாசிப் பையில் என் கணவரின் படமும் இலக்கமும் இருந்தன. அந்தக் காலத்தில் அது எங்களுக்கு எவ்வளவு பயத்தைத் தந்தது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால் நீங்கள் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, 2009இல் எங்கே இருந்தீர்கள், தடுப்பில் இருந்தீர்களா, வீட்டில் யாரை இழந்தீர்கள், கணவர் கூட இருக்கிறாரா என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். பிள்ளைகளோடு தனியாக இருக்கிற பெண்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள், வாகனம், ஆடு, நாய் உண்டா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

நீங்கள் அனுப்புவதை நானும் என் மகளும் மட்டுமே பார்ப்போம். வட்ஸ்அப்பில் வருகிற படம் தானாக ஃபோன் கலரியில் சேராதபடி மகள் மாற்றிவிட்டாள். வீடு கிடைக்காதவர்களின் படங்களையும் இலக்கங்களையும் முடிவு சொல்லி ஒரு கிழமைக்குள் அழித்துவிட்டு, அழித்ததாக உங்களுக்குச் செய்தி போடுவேன். ஃபோனில் அனுப்ப விருப்பமில்லையா? நேரில் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன், பிரதி எடுக்க மாட்டேன். உண்மையில் எனக்கும் அதுதான் விருப்பம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எந்நாளும் வீட்டில்தான் இருப்பேன்.

வருகிற ஞாயிறு பின்னேரம் 6 மணிக்குள் இவை கிடைத்தால் உதவி. கடிதம் எடுக்க இன்னும் இரண்டு நாள் வேண்டுமென்றால் ஒரு சொல் சொல்லுங்கள், பொறுத்திருப்பேன். வீடு பார்த்த ஒழுங்கிலேதான் ஒவ்வொருவருடையதையும் பார்ப்பேன். கூட வாடகை தருகிறேன் என்பவருக்காக அந்த ஒழுங்கு மாறாது. புதன்கிழமைக்குள் ஆறு பேருக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். இல்லை என்றால் காரணம் கேட்கலாம், சொல்வேன்.

கேட்ட எதையாவது தர முடியாமல் இருந்தால் அதையும் இதே இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
ரீச்சர்
திருநகர், கிளிநொச்சி