தம்பி, இதை பஸ்ஸில் உட்கார்ந்து படி

போன் செய்திருப்பேன். ஆனால் நீ அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "ம்... ம்..." என்று மட்டும் சொல்வாய், எனக்குக் கோபம் வந்து கத்திவிடுவேன், அப்புறம் என்ன விஷயம் என்று அம்மா உன்னைப் பிடித்துக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். கூடலூர் காலேஜ் பஸ்ஸில் படி. வீட்டில் வைத்துப் படிக்காதே, படித்த கையோடு போனை சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதே.

என் புராஜெக்ட் முடியப் போகிறது, வேறு கம்பெனியில் இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா போன் செய்து "வேலை போயிருச்சாமே" என்று அழுகிறாள். போயிருச்சு என்று நான் சொல்லவே இல்லையே! புதன்கிழமை குன்னூர் சித்தி கூப்பிட்டு, "வேலை இல்லாம சும்மாதானே இருக்க, மேட்டுப்பாளையத்துல ஒரு வரன் இருக்கு, வந்து பாத்துட்டுப் போ" என்கிறாள். நான் அப்போது ஆபீஸ் கேன்டீனில், சரவணம்பட்டியில், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஆபீஸில், உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் மட்டும்தானே சொன்னேன் என்பாய். நம் லைனில் அம்மாவிடம் மட்டும் என்று ஒன்று உண்டா? ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இங்கே இருமினால் அங்கே தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்கள். அது போதாதென்று அம்மா சிக்னலுக்காக மேல் ரோட்டுக்கு வந்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். என் தைராய்டு மாத்திரை விஷயம் எப்படிப் பரவியது என்று நினைத்துப் பார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கஷாயம் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் என் மாத்திரையைப் பற்றி அத்தனை பேருக்கும் ஏன் தெரிய வேண்டும்?

இதில் எனக்கு மனசு கஷ்டமானது அப்பாவை நினைத்துத்தான். அடுத்த வருடம் அவருக்கு ரிடையர்மென்ட். ரிடையர் ஆனால் டேன்டீ வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது உனக்கும் தெரியும். சிலோனிலிருந்து தாத்தா வந்ததிலிருந்து இந்த லைனை விட்டால் நமக்கு வேறு வீடு கிடையாது. அப்பா வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் பந்தலூரில் வாடகைக்குப் போனால் என்ன ஆகும், என் சம்பளத்தில் எவ்வளவு வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த மனுஷனிடம் போய் அக்காவுக்கு வேலை இல்லை என்கிற பாதிச் செய்தியைப் போட்டால் அவர் எப்படித் தூங்குவார்? புது வேலை கையில் கிடைத்த பிறகு, "அது முடிஞ்சது, இது கிடைச்சது" என்று ஒரே மூச்சில் சொல்லத்தான் காத்திருந்தேன். எதை எப்போது சொன்னால் அவர் தாங்குவார் என்று யோசித்துத்தான் சில விஷயங்களை நிறுத்தி வைக்கிறேன். அவர்களை ஏமாற்றுவதற்காக இல்லை.

அடுத்தது அவன் விஷயம். இதையும் சொல்லிவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் இல்லை என்று நம்பி எழுதுகிறேன். சொல்லாதே. பேர், ஊர், எங்கே வேலை செய்கிறான், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பது, எதுவும் வேண்டாம். ஜாடையாகக்கூட வேண்டாம், "அக்காவுக்கு இப்ப மாப்பிள்ளை பாக்காதீங்க" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அம்மா தானே கண்டுபிடித்துவிடுவாள். தை மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். அது முடிந்ததும் இரண்டு வீட்டிலும் பேசலாம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். அப்பாவிடம் நானே நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர் திட்டினால் அந்தத் திட்டு என் மேல் நேராக விழட்டும், இடையில் நீயோ சித்தியோ வேண்டாம்.

அம்மா உன்னிடம் எப்படிக் கறக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு, "அக்கா குரலே சரியில்லையே, உங்கிட்டயாவது ஏதாவது சொன்னாளா" என்று ரொம்ப சாதாரணமாகக் கேட்பாள். நீ உடனே உருகிவிடுவாய். சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று வேறு சேர்த்துக்கொள்வாய், அதையும் அம்மா என்னிடம் சொல்லிவிடுவாள்! இனிமேல் கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று பொய் சொல்லாதே, உன் முகத்துக்குப் பொய் வராது. "அக்காகிட்டயே கேளும்மா, அவ விஷயத்தை நான் சொல்ல மாட்டேன்" என்று சொல். அம்மா கோபித்துக்கொள்வாள், "ரெண்டு பேரும் சேந்துகிட்டீங்களா" என்பாள், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். நீ கையைக் காட்டினால் போதும், அந்தக் கோபத்தை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உனக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. போன மழைக்கு அப்பா தோட்டத்தில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கிடந்தபோது, "அக்காகிட்ட சொல்லாதே, பயந்துடுவா" என்று அம்மா சொன்னதும் நீ வாயே திறக்கவில்லை. அவ்வளவு நாள் என்னோடு தினமும் பேசினாய், கிரிக்கெட் பேசினாய், யானை வந்த கதை பேசினாய், முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஆக உன்னால் முடியும். அம்மா கேட்டால் முடிகிறது, நான் கேட்டால் முடியவில்லை, எனக்கு வலிப்பது அங்கேதான்.

எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லவில்லை. எனக்கு ஆக்சிடென்ட் என்றாலோ, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றாலோ, ஒரு நாள் முழுக்க நான் போன் எடுக்கவில்லை என்றாலோ யோசிக்காமல் உடனே சொல். அதே மாதிரி அப்பா அம்மா உடம்புக்கு ஏதாவது என்றால் யார் தடுத்தாலும் என்னிடம் சொல், அது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மற்றபடி என் வேலை, என் சம்பளம், என் மாத்திரை, நான் யாரோடு பேசுகிறேன் என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காட்டுவதையும் நிறுத்து. அம்மாவை வேண்டுமென்றேதான் அதில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

மறுபடியும் இப்படி நடந்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன், உன்னிடம் சொல்வதை நிறுத்திக்கொள்வேன். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இந்த ஊரில் ராத்திரி பத்து மணிக்கு யாரிடமாவது மனசு விட்டுப் பேச வேண்டும் என்றால் எனக்கு நீதான் இருக்கிறாய். அதை இழக்க எனக்கு இஷ்டம் இல்லை.

வேலை விஷயத்தை நானே இன்று ராத்திரி அப்பாவிடம் பேசிவிடுகிறேன், நீ எதையும் சரிசெய்யப் போகாதே. வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், காலையிலேயே கிளம்பி ஊட்டி வழியாக வருகிறேன், எப்படியும் இருட்டுவதற்குள் சேரம்பாடி வந்துவிடுவேன். பஸ் லேட்டானால் மட்டும் ஜீப்போடு வா, தனியாக நடந்து வராதே, ரோட்டில் யானை நிற்கிறது என்று நீதான் சொன்னாய். செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன? இதைப் படித்ததும் அதை அனுப்பு, பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.