ஐந்து கோடுகள்: மகெல்லன் பயணம் (வரைபடக் காட்சிக்கான குரல் உரை)

எடிட்டருக்கு: ஊர்ப் பெயரின் முதல் எழுத்து ஒலிக்கும்போதே கோட்டின் முனை அந்த ஊரைத் தொட வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை காத்திருந்தால் கோடு பின்தங்கிவிடும்.

0:00 (ஐந்து நிறத்தில் ஐந்து கோடுகள்)
சான்லூகார், ஸ்பெயின். 1519 செப்டம்பர் 20. ஐந்து கப்பல்கள், ஏறத்தாழ 270 பேர். தலைவர் மகெல்லன், போர்த்துகல்காரர். கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகளுக்கு மேற்கு வழியாகவே போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

0:16
கனேரித் தீவுகளில் விறகும் தண்ணீரும் ஏற்றினார்கள். ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து, டிசம்பரில் ரியோ டி ஜெனீரோ.

0:26 (கோடு உள்ளே நுழைந்து, தயங்கி, திரும்பும்)
ஜனவரியில் ரியோ டி லா பிளாட்டா. மறுகரை தெரியாத அகலம். தேடிய வழி இதுதான் என்று நுழைந்தார்கள். தண்ணீரில் உப்பில்லை. அது ஆறு.

0:38 ("உடைந்தது" என்றதும் ஒரு கோடு அறும்)
சான் ஹூலியன், மார்ச் 31. குளிர்காலம் முழுக்க இங்கேதான். வந்த கையோடு கலகம், மகெல்லன் அடக்கினார். சாந்தா குரூஸ் ஆற்றுப் பக்கம் வேவு பார்க்கப் போன சாந்தியாகோ கப்பல், கரை தட்டி உடைந்தது.

0:54 (ஒரு கோடு திரும்பி வடகிழக்கே ஓடும். அதைப் பின்தொடர வேண்டாம்.)
அக்டோபர் 21. கரையில் ஒரு பிளவு. இன்று அதன் பெயர் மகெல்லன் நீரிணை. இந்த நெளிவுகளுக்குள் சான் அந்தோனியோ நழுவி ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டது, நிறைய உணவோடு.

1:08 (மூன்று கோடுகள். இடது ஓரத்தில் மறைந்து வலது ஓரத்தில் முளைக்கும்.)
நவம்பர் 28. பசிபிக்.
(எட்டு விநாடி பேச்சில்லை, இசையும் இல்லை)
98 நாள். குறுக்குமரத்தில் சுற்றியிருந்த தோலை ஊறவைத்துத் தின்றார்கள். எலிக்கும் விலை இருந்தது.
குவாம். 1521 மார்ச் 6.

1:30 (மக்தானில் ஒரு புள்ளி அணையும், கோடுகள் நிற்கக் கூடாது)
செபு, ஏப்ரல் 7. எதிரே மக்தான். ஏப்ரல் 27 அன்று, மக்தான் தலைவர் லாபுலாபுவின் ஆட்களோடு நடந்த சண்டையில் மகெல்லன் இறந்தார். உலகைச் சுற்றியவர் என்று நாம் பள்ளியில் படித்தவரின் பயணம் இங்கேயே முடிகிறது.
பொஹோல் அருகே, ஓட்ட ஆளில்லாத கொன்செப்சியோனைத் தாங்களே எரித்தார்கள்.

1:50
திதோரே, நவம்பர் 8. கிராம்பு கிடைத்தது. ட்ரினிதாத் ஒழுகியது, தங்கிவிட்டது. டிசம்பர் 21, எல்கானோ தலைமையில் விக்தோரியா மட்டும் கிளம்பியது.

2:02 (ஒற்றைக் கோடு, ஆசியக் கரையை விட்டு வெகு தெற்கே)
போர்த்துகல்காரர் கண்ணில் படாமல் இந்தியப் பெருங்கடல். பிறகு நன்னம்பிக்கை முனை.
கேப் வேர்ட் தீவுகள், 1522 ஜூலை 9. கப்பல் கணக்கில் புதன், கரையில் வியாழன். மேற்கே மேற்கே என்று சூரியன் பின்னாலேயே ஓடியதில் ஒரு நாள் காணாமல் போயிருந்தது.

2:20 (கோடு தொடங்கிய புள்ளியில் சேரும்)
சான்லூகார். செப்டம்பர் 6. இறங்கியவர்கள் 18 பேர்.