எம்சிபி லோடு: போட்டோவுல தெரிஞ்சது

சார், நேத்து வந்த சி32 சிங்கிள் போல் எம்சிபி, 40 கார்ட்டன், எடுத்த 22 போட்டோவும் பார்த்தாச்சு. போலி சரக்கோனு சந்தேகமா இருக்கு, இதை ஸ்டோர்ல ஏத்தவே கூடாதுங்கிறதுதான் என் முடிவு, ஹோல்டு டேக் போட்டு தனியா ஒதுக்கி வச்சாச்சு, நீங்க சொல்ற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க.

முதல் 6 படம் வெறும் அட்டைப்பெட்டிதான். பிரிண்ட் மங்கல், ரெண்டு பெட்டியில பார்கோடு ஸ்கேன் பண்ணா சி16னு காட்டுது, ஆனா இதுக்கெல்லாம் லேபிள் மாறிப்போச்சுனு சப்ளையர் ஈஸியா சொல்லிடுவார், அதனால இதை நான் பெருசா எடுத்துக்கல.

9வது படம் பாருங்க, மூணு வேற வேற கார்ட்டன்ல இருந்து எடுத்த பீஸ், மூணுலயும் அதே சீரியல் நம்பர். 6000ங்கிற பிரேக்கிங் கெப்பாசிட்டியை சுத்தி கட்டம் இருக்கணும், அதுவும் இல்ல. ஈரத்துணியால 15 செகண்ட் தேச்சதுக்கே எழுத்து பாதி போயிடுச்சு, அது 11ல இருக்கு.

முக்கியமானது 14. ரிவெட்டை எடுத்துட்டு ஒரு பீஸைத் திறந்து, நம்மகிட்ட இருந்த பழைய ஸ்டாக் பீஸையும் திறந்து பக்கத்துல வச்சு எடுத்தது. பழசுல ஆர்க் சூட், அதாவது அந்த ஸ்டீல் தகடு அடுக்கு, நல்லா தெரியுது. புதுசுல அந்த இடம் காலி. ஷார்ட் ஆகி காண்டாக்ட் பிரியும்போது வர்ற ஆர்க்கை துண்டு துண்டா பிரிச்சு அணைக்கிறதே அந்தத் தகடுங்கதான், அது இல்லன்னா ஆர்க் உள்ளயே நின்னு எரியும், பாடியே பத்திக்கும். ஆனா லீவர் நல்லா டக்குனு விழுது, வாங்கிட்டுப் போறவங்களுக்கு சந்தேகமே வராது, அதுதான் பயமா இருக்கு. காயில் கம்பியும் ஒல்லி, சுத்தும் கம்மி.

17ல காந்தம் தொங்குறது தெரியும். ஸ்க்ரூவுல ஒட்டினா ஒண்ணுமில்ல, அது ஸ்டீல்தான், இங்க கரண்ட் போற தகட்டுலயே ஒட்டுது, அப்போ அது காப்பர் இல்ல, மேல வெறும் பூச்சு.

18ல இருந்து 20 வரைக்கும் ஷேக் ஆயிருக்கு, பக்கத்துல ஸ்கேலும் வைக்கல, இன்னைக்கே மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கேன். திறந்தது ஒரே ஒரு பீஸ்ங்கிறதால மொத்த லோடும் போலினு எழுத்துல இப்பவே கொடுக்க வேண்டாம் சார், இன்னும் 5 கார்ட்டன்ல ஒண்ணு ஒண்ணு திறந்துடுவோம். டிரிப் ஆகுதாங்கிறது போட்டோவுல தெரியாது, லேபுக்கு அனுப்பணும், 46.4 ஆம்பியர் விட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும், அதோட ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட்டும் கேட்கலாம்.

சப்ளையர்கிட்ட பேட்ச் டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் கேளுங்க, 14வது படத்தை இப்போ காட்ட வேண்டாம். ரிட்டர்ன் எடுத்துக்கறேன்னு சொன்னாலும் லேப் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி கொடுத்துடாதீங்க, இதே சரக்கு பெட்டி மாறி வேற எங்கயாவது இறங்கிடும். லேபுக்கு அனுப்ப உங்க அப்ரூவல் மட்டும் வேணும், சாம்பிள் பேக் பண்ணி ரெடியா இருக்கு.