ஒரகடம் கிடங்கு: ஸ்பிரிங்க்ளர் கணக்கும் பம்ப் தேர்வும்

ராக்கில் 3.6 மீட்டர் உயரம் வரை அட்டைப்பெட்டிச் சரக்கு. உள்ளே ஓரளவு பிளாஸ்டிக்கும் உண்டு. ஸ்பிரிங்க்ளர்களுக்கான அமெரிக்கத் தரநிலை என்.எஃப்.பி.ஏ 13-இன்படி 'எக்ஸ்ட்ரா ஹசார்ட் குரூப் 1' என்று எடுத்திருக்கிறோம்: நீர் விழும் அடர்த்தி நிமிடத்துக்கு 12.2 மி.மீ., ஒரே நேரத்தில் நனைய வேண்டிய பரப்பு 232 ச.மீ. எப்போதும் நீர் நிரம்பிய வெட் சிஸ்டம்.

ஹெட் இடைவெளி 3 × 3 மீ., ஒன்றுக்கு 9 ச.மீ. 232-ஐ 9-ஆல் வகுத்தால் 25.8, ஆக 26 ஹெட். பரப்பின் நீளப் பக்கம் 1.2 × √232 = 18.3 மீ. என்பதால் ஒரு கிளைக்குழாயில் 7 ஹெட். மூன்று கிளைகளில் ஏழேழு, நான்காவதில் 5.

கடைக்கோடி ஹெட்டுக்கு 12.2 × 9 = 109.8 லி/நிமிடம் வேண்டும். ஹெட் எவ்வளவு கொட்டும் என்பதைக் குறிக்கும் K எண் 115 என்றால், ஹெட்டில் வேண்டிய அழுத்தம் P, குழாயில் மீட்டருக்கு உராய்வு இழப்பு p:

```
P = (Q/K)^2 = (109.8/115)^2 = 0.91 bar
p = 6.05×10^5 × Q^1.85 / (C^1.85 × d^4.87)
```

குழாயின் வழவழப்பைக் குறிக்கும் C = 120, குழாய் உள்விட்டம் d = 36 மி.மீ. என்றால் மீட்டருக்கு 0.0135 பார் இழப்பு. 3 மீட்டருக்கு 0.04. எனவே அடுத்த ஹெட்டில் அழுத்தம் 0.95 பார், அது கொட்டுவது 112.2 லிட்டர். பம்ப்பை நெருங்க நெருங்க ஒவ்வொரு ஹெட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம் கொட்டும். அந்தக் கூடுதலை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் டேங்கிலிருந்து அது போகத்தான் செய்யும்.

இங்கேதான் வழுக்கும். வெறுமனே 12.2 × 232 போட்டால் 2830 லி/நிமிடம். கேட்லாகில் 2850 பம்ப் தயாராக இருக்கும்; அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். போன மாதம் வந்த கொட்டேஷன் ஒன்றில் அதைத்தான் போட்டிருந்தார்கள். எல்லா முனைகளையும் சமன்செய்த பிறகு 26 ஹெட்டுக்கும் சேர்த்து 3240 வருகிறது. தீயணைப்பவர்கள் பிடிக்கும் ஹோஸுக்கு 1900 கூட்டினால் 5140. 2850 பம்ப்பை 150 சதவீதம் ஓட்டினாலும் 4275-தான்.

தேவையான அழுத்தம்: கடைசி ஹெட் 0.91, மேலேறும் குழாயான ரைசர் வரை உராய்வு 1.80, 8.5 மீ. உயரத்துக்கு 0.83, வால்வுகளும் நிலத்தடிக் குழாயும் 1.06. மொத்தம் 4.60 பார்.

அதனால் 4550 லி/நிமிடம், 6 பார் பம்ப். நமக்கு வேண்டிய 5140 அதன் 113 சதவீதம். 150 சதவீத ஓட்டத்தில் குறைந்தது 65 சதவீத அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எல்லைக்கு நேர்கோடு இழுத்தாலே இந்த இடத்தில் 5.45 பார் கிடைக்கிறது, 0.85 பார் கையிருப்பு. மூடிய நிலையில் 8.4 பாரைத் தாண்டக் கூடாது. சப்ளையர் தரும் டெஸ்ட் கர்வில் இந்த மூன்று புள்ளிகளையும் பார்த்த பிறகே ஆர்டர்.

மோட்டார் 90 கிலோவாட், அதே திறனில் டீசல் ஸ்டாண்ட்பை, குழாயில் அழுத்தம் குறையாமல் வைத்திருக்கத் தனியாக ஒரு சிறிய ஜாக்கி பம்ப். டேங்க்: 5140 × 90 நிமிடம் = 463 கனமீட்டர்; 480 கட்டுகிறோம். ராக்கை உயர்த்தினாலோ சரக்கு வகை மாறினாலோ இந்தக் கணக்கு செல்லாது, முதல் வரியிலிருந்து திரும்பப் போட வேண்டும்.