1.3 ஆய்வு இடைவெளியும் ஆய்வு வினாக்களும்: மதுரை அரசு மருத்துவமனை வாயிலில் சமய ஈகை

இந்திய நகரங்களில் சமய ஈகை பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கொடுக்கும் நிறுவனத்தின் உள்ளே நின்றே ஈகையைப் பார்க்கின்றன. அர்ஜுன் அப்பாதுரை (1981) திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலை முன்வைத்து, கொடையும் கோயில் மரியாதையும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்று காட்டினார். ஃபுல்லர் (1984) மதுரைக்கே வந்தார். அவர் கவனம் மீனாட்சியம்மன் கோயில் பட்டர்கள் மீது இருந்தது. எரிகா போர்ன்ஸ்டைன் (2012) மதிலைத் தாண்டித் தில்லியின் தொண்டு உலகுக்குச் சென்றார் என்றாலும் கொடுப்போரும் தொண்டர்களுமே அங்கு முன்னிற்கிறார்கள்.

பெறுபவரை மையத்தில் வைத்தவர் ஜோனதன் பாரி (1986). காசியில் தானம் வாங்கும் பிராமணர் கொடுப்பவரின் பாவத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். எனினும் காசியில் தானம் பெறுபவர் சடங்கு உரிமை உடையவர். மதுரை அரசு மருத்துவமனை இருக்கும் கோரிப்பாளையத்தில் உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கும் உசிலம்பட்டி விவசாயிக்கு அந்த உரிமையும் இல்லை, பாவம் சுமக்கும் கடமையும் இல்லை. மனைவி பிரசவ வார்டில் இருக்கிறார், வெளியே நிற்கும் இவருக்குப் பசிக்கிறது. பாரியின் கோட்பாடு இவரிடம் வரும்போது என்ன ஆகிறது என்பது இன்னும் சோதிக்கப்பட வேண்டியது.

இந்த இடைவெளிக்குக் கோப்புகள் பிரிந்து கிடப்பதும் ஒரு காரணம் என்று இவ்வாய்வு கருதுகிறது. கோயில் அன்னதானம் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் ஆளுகைக்குள் வருகிறது. 2002இல் தொடங்கிய அரசின் அன்னதானத் திட்டமும் அறநிலையத் துறையின் பதிவேடுகளில்தான் இருக்கிறது. வக்பு சொத்துகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் தனி. தேவாலயங்களின் கணக்கு மறைமாவட்டங்களிடமும் அறக்கட்டளைகளிடமும் இருக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஆய்வாளர் போகிறார். ஆகவே கோயில் ஆய்வு, பள்ளிவாசல் ஆய்வு, திருச்சபை ஆய்வு என்று மூன்றாகப் பிரிந்து நிற்கின்றன. மூன்றின் சோறும் ஒரே வாயிலில் வந்து இறங்குவதைப் பதிவு செய்ய எந்தக் கோப்பிலும் பக்கம் இல்லை. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை மட்டும், சமயக் கூட்டங்களில் உணவு வழங்குவோரையும் சிறு உணவுத் தயாரிப்பாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, சமயம் பாராமல் ஒரே கண்ணால் பார்க்கிறது.

அந்த வாயில் அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்கள். உள்நோயாளிக்கு வார்டில் உணவு உண்டு. உடன் இருப்பவர் வெளியே தேடிக்கொள்ள வேண்டும். முன்னோட்டக் களப்பணியில் கண்ட ஒரு மதிய வேளை: ஆட்டோவில் வந்த சாம்பார் சாதம் நினைவு நாளுக்கானது, இறந்தவரின் படம் அண்டாவின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்மணி தூக்குவாளியை நீட்டி, ‘மாடியில் இன்னொருவர் இருக்கிறார்’ என்று இரண்டாவது கரண்டி கேட்டார். கரண்டி பிடித்தவர் பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, பாதிக் கரண்டி போட்டார். அந்தப் பாதிக் கரண்டியை எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

மதுரையில் அன்னதானம் என்றால் மணிமேகலையின் ஆபுத்திரனையும் சிந்தாதேவி கோயிலையும் அமுதசுரபியையும் சொல்லித் தொடங்குவது வழக்கம். இங்கே அதைத் தவிர்த்ததற்குக் காரணம், அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தின் முன் பங்கீட்டுச் சிக்கல் எழுவதே இல்லை. இவ்வாய்வின் பொருள் தீர்ந்துபோகும் சோறு.

எனவே மைய வினா: பல சமயங்களின் உணவு ஒரே நகர வாயிலில் ஒரே மக்களிடம் வந்து சேரும்போது, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது எப்படி முடிவாகிறது?

இதிலிருந்து மூன்று துணை வினாக்கள் பிறக்கின்றன.

அ) அமாவாசை, வெள்ளிக்கிழமை, ரமலான், தவக்காலம் எனக் கொடுப்போரின் நாட்காட்டி ஒரு பக்கம், நாள்தோறும் வரும் பசி மறு பக்கம். சில நாள்களில் சோறு மிஞ்சுவதையும் சில நாள்களில் வராமலே போவதையும் வாயிலில் இருப்போர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஆ) இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று வரையறை உண்டு, விரும்பிக் கொடுக்கும் சதகாவுக்கும் அன்னதானத்துக்கும் அத்தகைய கட்டு இல்லை. இந்த வேறுபாடு கரண்டி பிடிப்பவரின் கையில் வெளிப்படுகிறதா, அல்லது வரிசையே தகுதியை முடிவு செய்கிறதா?

இ) உண்பவர் தாம் பெற்றதை என்னவென்று எண்ணுகிறார்: தானமா, உரிமையா, கடனா? அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் கொடுத்து இட்லி வாங்குவதற்கும் இதற்கும் அவர் வைக்கும் வேறுபாடு என்ன?

கொடுப்பவர் உண்மையான பக்தியால் கொடுக்கிறாரா, பெயருக்காகக் கொடுக்கிறாரா என்ற வினா வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. நேர்காணலில் அதற்குக் கிடைக்கும் விடை அனேகமாக ஒன்றுதான். அண்டாவில் ஒட்டிய படமும், யார் முதல் கரண்டி போடுகிறார் என்பதும் அதைவிடத் தெளிவாகப் பேசும். அவை இயல் 4இல் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.