சேதாரம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் அப்பாவின் கொலுசுப் பட்டறை. அதன் மாடியில் கோகுல் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

முந்தைய நாள் முன்பேரச் சந்தையில், கிலோ 91,600 ரூபாய்க்கு வெள்ளி மினி ஒரு லாட் வாங்கியிருந்தான். மினி என்றால் 5 கிலோ. கிலோவுக்கு 1 ரூபாய் இறங்கினால் கணக்கில் 5 ரூபாய் போகும். விலை இறங்கினால் நஷ்டத்தோடு விற்று வெளியேற வேண்டிய ஸ்டாப்லாஸ் 90,900. அதாவது 700 ரூபாய் தூரம், 3,500 ரூபாய் நஷ்டம். காலை 9 மணிக்கு எம்சிஎக்ஸ் சந்தை திறந்ததுமே அதற்கான SL ஆர்டர் போட்டுவிட்டான்: ட்ரிகர் 90,900, லிமிட் 90,850. விலை ட்ரிகரைத் தொட்டால் ஆர்டர் கிளம்பும், லிமிட்டுக்குக் கீழே விற்காது. அதுவரை எல்லாம் சரி.

விலை 90,960-க்கு வந்தது. 90,935. கீழே யாரோ கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கும் ஊதுகுழல் சத்தம். 90,920. கட்டைவிரல் ஆர்டரைத் திறந்து கேன்சலை அழுத்தியது.

"ஸ்டாப்பை அடிச்சுட்டுத்தான் மேல தூக்குவான்" என்பது அவன் இருந்த டிரேடிங் குழுவில் தினமும் ஓடும் வசனம். ஒரே ஒரு மினி லாட்டை அடிப்பதற்காக எந்த 'அவனும்' சேலத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் பயத்தில் இருப்பவனுக்கு அப்படி ஒரு எதிரி தேவைப்படுகிறான்.

அன்றிரவு 11:30-க்குச் சந்தை மூடும்போது விலை 90 ஆயிரத்துக்கும் கீழே. திங்கட்கிழமை 89,400-ல் இன்னொரு லாட் வாங்கினான். ஆவரேஜ் 90,500. "இப்ப 1,100 ஏறினாலே போதும்" என்று கணக்குப் போட்டான். 10 கிலோவாகிவிட்டது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்டாப் ஆர்டரும் போடவில்லை. அவன் போடும் SL ஆர்டரின் ஆயுள் ஒரே நாள். தினம் காலையில் புதிதாகப் போட வேண்டும். போடாததற்குக் காரணம் மறதி இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்திய பட்ஜெட். தங்கம், வெள்ளி மீதான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டு விலை அசையவே வேண்டாம். இறக்குமதிச் செலவு குறைந்ததால் உள்ளூர் விலை மட்டும் நிமிடக் கணக்கில் சரிந்தது. இப்படிப்பட்ட சரிவில் 50 ரூபாய் இடைவெளி விட்ட லிமிட்டைத் தாண்டி விலை ஓடிவிடும்; ஸ்டாப் ஆர்டர் விற்காமலே தொங்கி நிற்கும். பட்ஜெட் நாளில் பொசிஷனே வைத்திருக்கக் கூடாது என்று பழையவர்கள் சொல்வது அதனால்தான். கோகுலுக்கோ தொங்குவதற்குக்கூட ஆர்டர் இல்லை. மாலையில் 85 ஆயிரம் பக்கம் நின்றது. வியாழக்கிழமை, ஈடாக வைத்திருக்க வேண்டிய மார்ஜின் பணம் பற்றவில்லை என்று புரோக்கரிடமிருந்து செய்தி வந்தபோது 82,000. இரண்டு லாட்டையும் விற்றான்.

கிலோவுக்கு 8,500 ரூபாய், 10 கிலோ. 85,000 நஷ்டம். கணக்கில் இருந்த 1,80,000-ல் மிச்சம் 95,000.

அப்பாவிடம் இரவுதான் சொன்னான். அவர் பட்டறைத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த மண்ணைத் தூக்கிப் போடமாட்டார்கள். தகர டப்பாவில் சேர்த்து, அரித்து வெள்ளி எடுக்கிறவர்களிடம் கொடுப்பார்கள். அவர் திட்டவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"3,500-ன்னு முடிவு பண்ணித்தான வாங்குன?"

"ஆமாங்கப்பா."

"அப்புறம் யாரு மாத்துனது?"

அவன் பேசவில்லை.

"கடைக்காரர் ஒரு கிலோ கட்டி குடுக்குறாரு. சேதாரம் கிலோவுக்கு இத்தனை கிராம்னு அப்பவே பேசிக்கிறோம். உருக்குனதுக்கு அப்புறம் போய், அண்ணா இன்னும் கொஞ்சம் சேத்துக்குங்கன்னு சொன்னா அடுத்த வேலை வருமாடா?"

டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆகஸ்டில் மினியை விட்டுவிட்டு மைக்ரோவுக்கு வந்தான்: ஒரு லாட் 1 கிலோ. கணக்கைத் தலைகீழாக்கினான். முன்பு எத்தனை லாட் என்று முடிவு செய்த பிறகு ஸ்டாப்பைத் தேடுவான். இப்போது முதலில் சார்ட்டில் ஸ்டாப் எங்கே என்று பார்த்தான். முந்தைய நாட்களின் தாழ்வுக்குச் சற்றுக் கீழே. ஒரு வியாபாரத்தில் அதிகபட்சம் போகலாம் என்று வைத்தது 95,000-ல் 1 சதவீதம், 950. ஸ்டாப் 900 ரூபாய் தூரத்தில் இருந்தால் 1 லாட் வாங்கலாம். 1,400 தூரத்தில் இருந்தால் அந்த வியாபாரமே கிடையாது. லாட்டைப் பாதியாக வெட்ட முடியாது, அதற்காக ஸ்டாப்பைக் கிட்டே இழுத்தால் சாதாரண ஆட்டத்திலேயே அடிபட்டுவிடும். முதல் மாதத்தில் பாதிநாள் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினான். வாங்கிய விலை, ஸ்டாப், லாட், விற்ற விலை. கடைசிக் கட்டத்தில் ஒரே கேள்வி: ஸ்டாப்பைத் தொட்டேனா? மேலே ஏற்றுவது கணக்கில் வராது. கீழே இறக்கினால்தான் 'ஆமாம்'.

செப்டம்பரில் ஒருநாள் இறக்கினான். ட்ரிகருக்கு 40 ரூபாய் இருக்கும்போது 300 கீழே தள்ளினான். விலை திரும்பியது; 1,150 லாபத்தில் வெளியே வந்தான். தப்புக்குச் சந்தை கூலி கொடுத்த நாள் அது. நஷ்டத்தைவிட அதுதான் ஆளைக் கெடுக்கும். நோட்டில் 1,150 என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் அதில் 'ஆமாம்' என்று எழுத முடிந்தது.

அக்டோபர் முதல் பாதியில் ஒரு ஸ்டாப் ஒழுங்காக அடித்தது. 880 ரூபாய். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வெள்ளி 1 லட்சத்தை எட்டிப் பார்த்தது. விடாமல் வைத்திருந்தால் எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போட்டான், கிழித்தான், மறுபடி போட்டான். ஜூலையில் இதே மனசுதான் கேன்சலை அழுத்தியது. அன்று முழுக்க புது ஆர்டர் எதுவும் போடவில்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, ஏற்காட்டில் ஒருவருக்குக் கொலுசுகளைக் கொடுக்க அப்பா கிளம்பினார். கோகுலும் கூடப் போனான். காலையில் SL ஆர்டரை வைத்துவிட்டே வண்டியை எடுத்தான். ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் இடையே இப்போது 150 விடுகிறான். ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. அதற்குப் பிறகு போனுக்கு வேலையில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இடத்தில் சிக்னலும் கிடைப்பதில்லை.

இறங்கும்போது அடிவாரத்துக்கு இரண்டு வளைவு இருக்கையில் போன் துடித்தது. டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்த்தான். விற்றாகிவிட்டது. டிக்கியிலிருந்து நோட்டை எடுத்துச் சீட்டின் மேல் வைத்து எழுதினான்.

"எத்தனை போச்சு?" என்றார் அப்பா.

"895 ரூபாய்ங்கப்பா. அதுபோக சார்ஜ்."

"பேசுனதுக்குள்ளதான?"

"உள்ளதாங்கப்பா."

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். "செவ்வாய்ப்பேட்டை போனதும் தட்டுவடை செட் வாங்கலாம். இப்ப ஒரு டீ சொல்லு. எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

கோகுல் கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, நோட்டை டிக்கிக்குள் போட்டுவிட்டு, டீ சொல்லப் போனான்.