விலைப்பட்டியலை ஒரே படிவத்தில் அனுப்பக் கேட்டு

பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21
12-01-2026

மண்ணடி, பாரிமுனை, சவுகார்பேட்டையிலிருந்து எங்கள் ஹார்ட்வேர் கடைக்குச் சரக்கு தரும் வியாபாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

இப்போது 31 பேரிடம் சரக்கு எடுக்கிறோம். விலைப்பட்டியல் ஒருவரிடமிருந்து பிடிஎஃப் ஆக வருகிறது, இன்னொருவரிடமிருந்து வாட்ஸ்அப் போட்டோவாக. கம்பெனி சர்க்குலரின் ஓரத்தில் பேனாவால் தள்ளுபடி எழுதி அனுப்புபவர்களும் உண்டு. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றவே இரண்டு நாள் போய்விடுகிறது, அதற்குள் பிவிசி விலை மாறிவிடுகிறது. அப்புறம் பில் வரும்போது ரேட் ஒத்துப்போவதில்லை, உங்களுக்குத் தர வேண்டிய பணமும் தாமதமாகிறது. அதனால் இக்கடிதத்துடன் வரும் எக்ஸெல் படிவத்தில் மட்டும் விலை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அதன் தலைப்பு வரி இது:

```
CODE BRAND ITEM SIZE UNIT PACK HSN MRP LIST DISC NET GST FROM
```

CODE உங்கள் ஐட்டம் நம்பர். ஒருமுறை கொடுத்ததை மாற்ற வேண்டாம்; விலை மாறினாலும் பழைய சரக்கை நாங்கள் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். BRAND, ITEM இரண்டும் பில்லில் எப்படி வருமோ அப்படியே இருக்கட்டும்.

SIZE-இல் கொஞ்சம் கவனம் வேண்டும். முக்கால் இஞ்சுக்கு 3/4 என்று டைப் செய்தால் எக்ஸெல் அதை ஏப்ரல் 3-ஆம் தேதியாக்கிவிடும். CODE-இல் 0045 என்று டைப் செய்தால் வெறும் 45 ஆகிவிடும். எங்கள் படிவத்தில் இந்த இரண்டு காலத்தையும் Text என்று அமைத்திருக்கிறோம், அதை மாற்ற வேண்டாம். வேறு ஷீட்டில் அடிப்பவர்கள் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் போடுங்கள்:

```
'3/4
```

ஒவ்வொரு சைஸுக்கும் தனி வரி வேண்டும். பைப் என்றால் நீளமும் SIZE-இலேயே வரட்டும்.

UNIT என்பது நீங்கள் சொல்லும் விலை எதற்கு என்பது. ஜிஎஸ்டி பில்லில் வழக்கமாகப் போடும் NOS, DOZ, GRS, BOX, KGS, MTR போதும். PACK என்பது அந்த ஒரு யூனிட்டுக்குள் எத்தனை பீஸ் என்பது. NOS என்றால் 1, GRS என்றால் 144. நிறுத்தோ அளந்தோ விற்கும் சரக்குக்கும் 1 போடுங்கள். இந்தக் காலம் இல்லாமல் நாங்கள் பட்டது போதும். போன ஆடியில் ஸ்க்ரூ பெட்டி ஒருவர் 240 ரூபாய், இன்னொருவர் 310 ரூபாய் என்றார்கள். 240-ஐ எடுத்தோம். பெட்டியைப் பிரித்தால் 100 ஸ்க்ரூ. மற்றவர் பெட்டியில் 144. பீஸ் கணக்குப் பார்த்தால் 310 ரூபாய்ப் பெட்டிதான் மலிவு. விலை கொடுத்த இருவர் மேலும் தப்பில்லை, எண்ணிக்கை எந்த லிஸ்டிலும் இல்லை.

HSN நீங்கள் பில்லில் போடும் அதே எண்: ஸ்க்ரூ, போல்ட், நட்டுக்கு 7318, டேப், வால்வுக்கு 8481, பிளாஸ்டிக் பைப், ஃபிட்டிங்குக்கு 3917 என்பது போல.

இனி விலை. MRP வரியும் சேர்த்து அட்டையில் அச்சடித்தது. லூஸ் சரக்குக்குக் காலியாக விடலாம். LIST வரி சேராத விலை, தள்ளுபடி இதன் மேல்தான். DISC-இல் 50+10 என்றால் 50+10 என்றே எழுதுங்கள், 60 என்று கூட்டிவிட வேண்டாம். NET எல்லாத் தள்ளுபடியும் போக, வரிக்கு முன் ஒரு யூனிட்டுக்கு வரும் விலை. ஒரு டேப்பின் MRP 236 என்று வைத்துக்கொள்வோம். 18% வரியைக் கழித்தால் LIST 200. அதில் 50 போனால் 100, மறுபடி 10 போனால் NET 90. 60% என்று கணக்கிட்டால் 80 வரும். ஒரு டேப்புக்கே 10 ரூபாய் சண்டை. உடனடிப் பணத்துக்குத் தரும் கழிவை இதில் சேர்க்க வேண்டாம், அது தனிப் பேச்சு.

GST-யில் சதவீத எண் மட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு வந்துவிட்டது, ஆனால் டிசம்பரில்கூட வெள்ளை சிமெண்டுக்கு 28 போட்ட லிஸ்ட் ஒன்று வந்தது. பழைய ஃபைலை அப்படியே அனுப்பாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

FROM இந்த விலை எந்தத் தேதியிலிருந்து என்பது, 02-02-2026 போல. விலை மாறினால் மாறிய ஐட்டங்களை மட்டும் புதுத் தேதியோடு அனுப்பினால் போதும். அந்தத் தேதிக்கு முன் கொடுத்த ஆர்டருக்குப் பழைய விலையே பேச்சு.

வரிகளுக்கு நடுவே கம்பெனிப் பெயரைத் தலைப்பாகப் போடுவது, கட்டங்களை இணைப்பது இரண்டும் வேண்டாம். படித்துப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அந்த இடத்தில் நின்றுவிடும்.

பொங்கல் முடிந்து ஜனவரி 24, சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். பிப்ரவரி 2 முதல் ஆர்டர் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போடுவோம். கம்ப்யூட்டர் இல்லாமல் நோட்டிலேயே கணக்கு வைத்திருக்கும் பெரியவர்கள் இதற்காக அலைய வேண்டாம். ஒரு போன் போட்டால் எங்கள் பையன் லேப்டாப்போடு உங்கள் கடைக்கே வருவான், நீங்கள் சொல்லச் சொல்ல ஏற்றிக்கொள்வான்.

இப்படிக்கு,
கொள்முதல் பொறுப்பாளர்